பையனின் திக்கலும் நாங்கள் ஏறி இறங்கிய படிகளும்

பையனுக்கு மூன்றரை வயதில் திக்கல் தொடங்கியது. முதலில் ‘எ-எ-எ-எனக்கு’ என்று முதல் எழுத்தையே திரும்பத் திரும்பச் சொன்னான். சில மாதங்களில் ‘ம்ம்ம்மாமா’ என்று இழுக்க ஆரம்பித்தான். அதற்கப்புறம் வந்ததுதான் எங்களை நிஜமாகவே பயமுறுத்தியது. வாய் திறந்திருக்கும், சத்தமே வராது. கண்ணை இறுக மூடி, காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் வார்த்தை வெளியே வரும்.

வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டர், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். அதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்க ஆரம்பிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. ஆனால் வீட்டில் வேறு யாருக்காவது திக்கல் உண்டா, தொடங்கி எத்தனை மாதமாகிறது, பிள்ளை அதற்காகச் சங்கடப்படுகிறானா என்று அவர் கேட்கவே இல்லை. என் கொழுந்தனாருக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கல் உண்டு. அந்தக் கேள்வி வந்திருந்தால், காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்து ஒரு தனியார் தெரபி சென்டர். மெழுகுவத்தியை ஊதி அணைப்பது, விசில் ஊதுவது, நாக்கை மேலே தூக்குவது, கன்னத்தில் மசாஜ். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிக் கட்டணம். நினைத்தால் இன்னமும் ஆத்திரமாக வருகிறது. திக்கும் பிள்ளைக்கு உதட்டிலோ நாக்கிலோ பலம் குறைவில்லை. அதே வாயால் ‘நிலா நிலா ஓடி வா’வை ஒரு தடங்கலும் இல்லாமல் பாடுகிறானே! பேச்சுக்கான அசைவுகளை அந்தந்த நேரத்துக்குச் சரியாகக் கோர்த்து அனுப்பும் மூளையின் வேலையில்தான் வித்தியாசம். பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. பயத்தாலோ, யாரையோ பார்த்துப் பழகியதாலோ வருவதில்லை. இன்னோர் இடத்தில், நாக்குக்கு அடியில் உள்ள சவ்வை வெட்டினால் சரியாகும் என்று ஆபரேஷனுக்கே நாள் குறித்தார்கள். அந்தச் சவ்வு இறுக்கமாக இருந்தால் பால் குடிப்பதும் சில ஒலிகளும் சிரமமாகலாம், ஆனால் திக்கல் அதனால் வருவதில்லை. கேட்டதும் எழுந்து வந்துவிட்டோம்.

மெழுகுவத்தி ஊதிய நாட்களில் ஒரு வாரம் பையன் கிட்டத்தட்டத் திக்காமலே பேசினான். ‘பாருங்கள், வேலை செய்கிறது’ என்றார்கள். அடுத்த வாரம் பழையபடி ஆனது. இந்த வயதில் திக்கல் தானாகவே கூடும், குறையும். ஒரு நல்ல வாரத்தைக் காட்டிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

கடைசியில் சரியான ஆள் கிடைத்தார். முதல் நாளே அவர் எங்கள் கையில் கொடுத்தது ஒரு தாள். தினமும் ராத்திரி, அன்றைய பேச்சுக்கு 0 முதல் 9 வரை ஒரு எண் போட வேண்டும். 0 என்றால் திக்கலே இல்லை, 9 என்றால் மிகக் கடுமை. எங்கள் தாளில் முதல் வாரம் 5, 6 என்று ஓடியது. மேலே சொன்ன ஏமாற்றம் நடக்காமல் தடுப்பதே இந்த எண்கள்தான். முறையின் பெயர் லிட்கோம்ப். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவாக்கியது, முக்கியமாக ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. இதில் சிகிச்சை தருவது அம்மாவோ அப்பாவோதான். தெரபிஸ்ட் வாரம் ஒரு முறை பார்த்து நமக்குச் சொல்லித் தருவார்.

வீட்டில் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம். காய்கறிப் படப் புத்தகத்தை விரித்துக்கொண்டு ‘இது என்ன?’ என்பேன். ‘கத்தரிக்காய்.’ ‘அழகா, தடங்காம வந்துச்சே!’ அவ்வளவுதான். இப்படிப் பல பாராட்டுக்கு நடுவில் எப்போதாவது ஒரு முறை, ‘அது கொஞ்சம் சிக்குச்சு, இன்னொரு வாட்டி சொல்றியா?’ என்று சாதாரணக் குரலில் கேட்கலாம். பலருக்கும் சிக்கல் வரும் இடம் கேள்வியின் நீளம். ‘இந்தப் படத்துல என்ன நடக்குது?’ என்றால் பிள்ளை நீளமாகச் சொல்லப்போய்த் திக்குவான், பாராட்ட ஒன்றுமே மிஞ்சாது. அதனால் முதலில் ஒரு வார்த்தைப் பதில், அது நிலைத்த பிறகு இரண்டு வார்த்தை, அப்புறம் கதை. பழகிய பின் சாப்பாட்டு வேளை, கடைக்குப் போகும் வழி என்று அன்றாடப் பேச்சிலும் அங்கங்கே பாராட்டைச் சேர்க்க வேண்டும். எங்கள் அத்தை ஆர்வத்தில் நாள் முழுக்கப் பாராட்டினார். ‘பாட்டி, சும்மா இரு’ என்று பையன் கோபித்துக்கொண்டான். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த நிமிடமே குறைத்துவிட வேண்டும். இது தெரபிஸ்டின் கண்டிப்பு.

பள்ளிக்கூடத்தில்தான் மனசு ரொம்ப நொந்தது. பாட்டில் திக்கவில்லை, கேள்வி கேட்டால் திக்குகிறான், அதனால் வேண்டுமென்றே செய்கிறான் என்றார் டீச்சர். எழுந்து நின்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பாடும்போதும், மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கல் மறைவது கிட்டத்தட்ட எல்லாத் திக்குவாய்க்காரர்களுக்கும் உள்ளது. தெரபிஸ்டிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பேசினேன். நான் கேட்டது இவ்வளவுதான்: அவன் முகத்தைப் பாருங்கள், முடிக்கும்வரை காத்திருங்கள், வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள், சொன்ன விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ‘மெதுவாப் பேசு, மூச்சை இழுத்து விடு’ என்பதும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் சொன்னாலும், தன் பேச்சு தப்பு என்றுதான் பிள்ளையின் காதில் விழும். வாசிப்பு வேளையில் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து படிக்க விடச் சொன்னேன், ஒப்புக்கொண்டார். இப்போது அவனே கை தூக்குகிறானாம்.

லிட்கோம்ப் முறையில், மூன்று வாரம் தொடர்ந்து ராத்திரி போடும் எண் 0, 1 என்றே இருந்து, அதிலும் வாரத்தில் நாலு நாளாவது 0 வந்த பிறகுதான் இரண்டாம் கட்டம். அதில் தெரபிஸ்டைப் பார்க்கும் இடைவெளி இரண்டு வாரம், நாலு வாரம் என்று கூடிக்கொண்டே போகும், பாராட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சரியாகிவிட்டதே என்று இங்கே நிறுத்தினால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். எங்கள் பையன் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறான்.

இதைப் பார்த்து என் கொழுந்தனாரும் அதே தெரபிஸ்டிடம் போனார். பெரியவர்களுக்குத் திக்கலை முழுவதும் போக்கிவிடுவதாக வாக்குக் கொடுப்பவரிடம் போகாதீர்கள் என்றுதான் தெரபிஸ்ட் பேச்சையே ஆரம்பித்தார். பெரியவர்களுக்கான பயிற்சி வேறு. ஒலியை மென்மையாகத் தொடங்கி, கொஞ்சம் இழுத்துப் பேசுவது ஒன்று. சிக்கிய வார்த்தையில் முட்டி மோதாமல், சிக்கிய இடத்திலேயே இறுக்கத்தைத் தளர்த்தி மெல்ல வெளியேறுவது இன்னொன்று. இவற்றைவிடக் கொழுந்தனாருக்குக் கடினமாக இருந்தது, திக்கும் வார்த்தைகளிலிருந்து ஒதுங்குவதை விடுவது. ‘கா’ வராது என்று பல வருஷமாகக் கடையில் டீயே கேட்டுக் குடித்தவர் அவர். ஆசை என்னவோ காபிக்கு. வேண்டுமென்றே கொஞ்சம் திக்கி ‘கா-கா-காபி’ கேட்டுவிட்டு வா என்று வீட்டுப்பாடம். முதல் தடவை கடைக்காரர் முழுதாகக் கேட்கும் முன்பே டீயை நீட்டினார். ‘இல்லண்ணே, காபி’ என்று திருப்பிக் கேட்டு வாங்கி வந்ததை அன்று வீடே கொண்டாடியது.

புதிதாகத் தேடுபவர்களுக்கு: தெரபிஸ்டின் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், திக்கலுக்கு என்ன முறை பின்பற்றுகிறார் என்றும் கேளுங்கள். வாய்ப் பயிற்சி என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பணம் கஷ்டமென்றால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை முதலில் விசாரியுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் திக்கலுக்கென்றே பிரிவு உண்டு. எங்கே போவதானாலும் வீட்டில் பிள்ளை சாதாரணமாகப் பேசுவதைப் போனில் வீடியோ எடுத்துக் கொண்டு போங்கள். புது இடத்தில் அன்றைக்குப் பார்த்துத் திக்காமல் பேசிவிடுவான்.