பாடகர் கையெழுத்துப் போட்டும் க்ளெயிம் வந்தது

எங்கள் யூடியூப் சேனலுக்காக ஆரியங்காவு, அச்சன்கோவில் பற்றி ஒரு வீடியோ. அதற்கு ஓர் ஐயப்பன் பாட்டு வேண்டியிருந்தது. பாடியவர் செங்கோட்டைப் பக்கம். ஆரியங்காவிலிருந்து மலை இறங்கினால் வீடு. போனில் கேட்டேன். “ஐயப்பன் பாட்டுக்கு என்ன சாமி பர்மிஷன்? தாராளமாப் போடுங்க” என்றார். எழுத்தில் வேண்டும் என்றதும்தான் இழுபறி. கார்த்திகை பிறந்துவிட்டால் இவர்களை வீட்டில் பிடிக்க முடியாது. பஸ் ஏறிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். கேட்பவர்கள் ஐப்பசிக்குள் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் தபாலில் அனுப்பினேன். கடிதம் இரண்டு பிரதி, கூடவே ஸ்டாம்ப் ஒட்டிய கவர். அதில் முதல் கேள்வியே, இந்தப் பதிவு யாருக்குச் சொந்தம் என்பதுதான். பாடியவர் என்பதாலேயே ஒலிப்பதிவு அவருடையது ஆகாது. பணம் போட்டுப் பதிவு செய்த கேசட் கம்பெனிக்குத்தான் பெரும்பாலும் உரிமை. வரி, மெட்டு உரிமை வேறு. அவர் கடிதத்தின் பின்பக்கமே பதில் எழுதினார்: கேசட்டில் வந்தது கம்பெனியுடையது, அதைத் தொட வேண்டாம், பின்னாளில் தன் செலவில் மறுபடி பாடிப் பதிவு செய்தது தன்னுடையது, வரியும் மெட்டும் தான் போட்டவை. அந்தப் பதிவையே எடுத்துக்கொண்டேன்.

எந்த வீடியோ, பாட்டில் எவ்வளவு, விளம்பர வருமானம் வருமா என்பதெல்லாம் கடிதத்தில் இருந்தது. காலத்தையும் இடத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். அனுமதியில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் நம் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூப் துபாயிலும் ஓடுகிறதே! அதனால் “உலகம் முழுவதும், வீடியோ சேனலில் இருக்கும்வரை” என்று எழுதினேன். கையெழுத்தும் வந்தது.

வீடியோ ஏற்றியதுமே காப்பிரைட் க்ளெயிம்! பாடகரின் மகன் அந்தப் பாட்டை ஒரு டிஜிட்டல் விநியோகக் கம்பெனியிடம் கொடுத்திருக்கிறார். ஒலியைப் பொருத்திப் பார்க்கும் மிஷினுக்கு அப்பாவின் கையெழுத்து எப்படித் தெரியும்? உரிமம் இருக்கிறது என்ற காரணம் காட்டி டிஸ்ப்யூட் போட்டேன். அதற்குப் பதில் சொல்ல அந்த விநியோகக் கம்பெனிக்கு 30 நாள் அவகாசம். நான் அனுப்பிய மெயிலுக்கெல்லாம் ஒரே அச்சடித்த பதில்தான் வந்தது. கடைசியில் மகன், தான் அங்கே பதிவு செய்திருந்த மெயிலிலிருந்து வீடியோ லிங்கை அனுப்பிய பிறகுதான் க்ளெயிமை எடுத்தார்கள். க்ளெயிம் ஸ்ட்ரைக் அல்ல என்பதால் சேனலுக்குச் சேதமில்லை. எனக்குத்தான் தூக்கம் போனது.

பாட்டு யார் வழியாக ஆன்லைனில் போகிறது என்றும் கடிதத்திலேயே கேளுங்கள். UC என்று தொடங்கும் சேனல் ஐடியைக் கொடுத்து, ஏற்றுவதற்கு முன்பே, க்ளெயிம் வராத விலக்குப் பட்டியலில் அந்தக் கம்பெனியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆரியங்காவு திருக்கல்யாண வீடியோவுக்கு இன்னொரு பாட்டு கேட்டிருக்கிறேன். இந்த முறை கடிதம் அப்பாவுக்கு, சேனல் ஐடி மகனுக்கு.