பென்சிலில் எழுதிய இருப்பு

எங்கள் ஸ்டோர்ஸில் பொருளின் இருப்பைக் காட்டும் பின் கார்டைப் பென்சிலில்தான் எழுதுவார்கள். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலை அது. 1994-ல் அங்கே கணக்குப் பிரிவில் சேர்ந்தபோது ஸ்டோர்ஸ் லெட்ஜரை என் மேசையில் வைத்தார்கள். பென்சில் பழக்கத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. அழித்து எழுத வசதி, கார்டும் வீணாகாது என்றுதான் தோன்றியது. அந்த வசதி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிய இரண்டு வருடம் ஆனது.

பின் கார்டு என்பது ரேக்கில் ஒவ்வொரு பொருளின் அறைக்கும் முன்னால் தொங்கும் அட்டை. தலைப்பில் பொருளின் பெயர், கோடு எண், அலகு, குறைந்தபட்ச இருப்பு, அதிகபட்ச இருப்பு. கீழே தேதி, ஆவண எண், வரவு, வழங்கல், இருப்பு. அவ்வளவுதான், ரூபாய் என்ற பேச்சே அதில் கிடையாது. பொருளைக் கையில் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் கீப்பரே அதே நிமிடத்தில் எழுத வேண்டும். சாயந்திரம் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், எழுதுவது ஞாபகத்திலிருந்துதான் வரும்.

லெட்ஜர் இருப்பது ஆபீசில். அதை எழுதுகிறவன் பொருளைப் பார்ப்பதே இல்லை. நான் எட்டு மாதம் வரை 6204 என்ற எண்ணுள்ள பேரிங்கைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு வருவது காகிதம் மட்டும்: சரக்கு வந்தால் ஜி.ஆர்.என் என்ற வரவுச் சீட்டு, வெளியே போனால் இஷ்யூ சிலிப், உற்பத்திப் பிரிவான ஷாப்பிலிருந்து திரும்பினால் ரிட்டர்ன் நோட். ஸ்டோர்ஸில் சேரும் கட்டு மறுநாளோ அதற்கு மறுநாளோ என்னிடம் வரும். அளவோடு விலையையும் நான் எழுத வேண்டும். 100 பேரிங் 140 ரூபாய் வீதம் இருக்கும்போது, 50 பேரிங் 155 ரூபாய் வீதம் வந்து சேர்கிறது என்று வையுங்கள். மொத்தம் 150, மதிப்பு 21,750. இனி போகும் ஒவ்வொன்றுக்கும் 145 ரூபாய் என்று அந்த ஷாப்பின் தலையில் எழுதுவேன். இந்தக் கணக்கு எதுவும் கார்டுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால் நான் விலையில் தப்புச் செய்தால் வாராந்தரச் சரிபார்ப்பில் அது சிக்காது. அந்தச் சரிபார்ப்பு அளவுக்கு மட்டும்.

சனிக்கிழமை மதியம் சரிபார்ப்போம். ரேக்கில் இருக்கும் எல்லாவற்றையும் அல்ல, அந்த வாரம் அசைந்த பொருள்களை மட்டும். அசையாத பொருளின் கார்டில் புதிதாகத் தப்பு வருவது அபூர்வம். அதற்கு வேறு நாள் வைத்துச் சுழற்சியாக எண்ணுவார்கள்.

புதிதாக வந்தவர்கள் இரண்டு இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றாக இல்லையே என்று பதறுவார்கள். நானும் அப்படித்தான் பதறினேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஆச்சரியம். கார்டு இன்றைய நிலவரம், லெட்ஜர் நேற்றோ முந்தாநாளோ உள்ள நிலவரம். அதனால் முதல் வேலை, லெட்ஜரில் கடைசியாக ஏறிய சிலிப் எண், ஜி.ஆர்.என் எண், ரிட்டர்ன் நோட் எண் மூன்றையும் குறித்துக்கொள்வது. அதற்குப் பிறகு கார்டில் ஏறியவை எல்லாம் வழியில் இருக்கும் காகிதங்கள். லெட்ஜர் இருப்பில் அவற்றைக் கூட்டிக் கழித்த பிறகுதான் ஒப்பிடவே வேண்டும்.

ஒரு சனிக்கிழமை 6204 பேரிங்குக்கு லெட்ஜர் 232 காட்டியது, கார்டு 186. வித்தியாசம் 46. வழியில் இருந்த சிலிப்புகள் இரண்டு, 24-ம் 12-ம். இந்த 36-ஐக் கழித்தால் 196. ஷாப்பிலிருந்து திரும்பிய 10-க்கு நோட் இன்னும் வரவில்லை, அதைக் கூட்டினால் 206. இன்னும் 20 இடிக்கிறது. இனிமேல்தான் உண்மையான வித்தியாசம்.

இப்படி மிச்சப்படும் எண்ணே பாதி பதிலைச் சொல்லிவிடும். 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், 63-ஐ 36 என்று யாரோ மாற்றிப் போட்டிருக்கலாம். பாதி ஆக்கிப் பார்க்கும்போது அந்த வாரத்துச் சிலிப் ஒன்றின் அளவு வந்தால், வழங்கலை வரவுப் பத்தியில் ஏற்றியிருக்கலாம். 20 ஒன்பதால் வகுபடவில்லை. அந்த வாரம் 6204-க்கு 10 என்று சிலிப்பும் இல்லை. இருந்த 10 அந்த ரிட்டர்ன் நோட்டுதான், அது வரவுப் பத்தியில் ஒழுங்காக ஏறியிருந்தது. அதனால் போய் எண்ணினோம். அறையில் 206 இருந்தது. லெட்ஜர் சரி, கார்டு தப்பு.

ஸ்டோர் கீப்பர் அண்ணன் கார்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்து அறையின் கார்டைக் கழற்றினார். 6203. அதில் கார்டு இருப்பு 94, லெட்ஜர் 74, எண்ணினால் 74. ஒரு பொருளில் 20 குறைகிறது, பக்கத்துப் பொருளில் அதே 20 கூடுகிறது என்றால் மேற்கொண்டு தேட வேண்டாம். 6203-க்கு வந்த 20 பேரிங் சிலிப்பை 6204 கார்டில் ஏற்றியிருந்தார். துளை ஒன்றுக்கு 17 மில்லிமீட்டர், மற்றதற்கு 20 மில்லிமீட்டர், வெளி விட்டமும் கொஞ்சம் வேறு. டப்பா ஒரே மாதிரி, அறைகளும் ஒட்டி ஒட்டி. “கை சரியா எடுத்துருக்கு, பென்சில்தான் தப்பா போயிருக்குங்க” என்றார்.

வாரம் ஒரு முறை என்று வைத்ததன் அருமை இங்கேதான். சிலிப்பு போட்டவருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் அந்த நாள் ஞாபகத்தில் இருந்தது. மாதக் கடைசியில் இதையே தேடியிருந்தால் நாலு மடங்கு சிலிப்பைப் புரட்டியிருப்போம்.

இதெல்லாம் நன்றாக நடந்த காலம். நடக்காதது செப்புக் கம்பியில்.

மோட்டார் வைண்டிங்குக்கு எனாமல் பூசிய செப்புக் கம்பி ஸ்பூலில் வரும். கணக்கு கிலோவில். வைண்டிங் ஷாப்பில் வேலை முடிந்து பாதி ஸ்பூல் மிஞ்சினால் ஸ்டோர்ஸுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதில் ஒரு தடிமன் கம்பியில் மட்டும் சில வாரங்களில் கார்டுக்கும் லெட்ஜருக்கும் ஒன்றரை கிலோ இடித்தது. எப்போதும் கார்டில்தான் குறைவு.

ஒன்றரை கிலோதானே என்று விட்டோம். விட்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மதியம் அண்ணன் இன்டர்காமில் கூப்பிடுவார். “தம்பி, கம்பி உங்க புக்குல எவ்வளவு நிக்குது?” நான் எண்ணைச் சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கார்டிலும் அதே எண் இருக்கும். ரப்பர் தேய்த்த தடமும் லேசாகத் தெரியும். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். தெரியும், எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. லெட்ஜரைத்தான் ஆடிட்டர் பார்ப்பார், ரூபாய் இருப்பதும் அதில்தான், ஆகவே லெட்ஜர்தான் சரி என்று இருவருமே பேசாமலே முடிவு செய்திருந்தோம். சரிபார்ப்புத் தாளில் நேராக டிக் விழும், நாலு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம்.

மார்ச் 31-ல் இருப்பு எடுக்க வந்தார்கள். கார்டில் 164 கிலோ, லெட்ஜரில் 164 கிலோ. தராசில் 141.5.

இருபத்திரண்டரை கிலோ செப்பு. செப்பு காணாமல் போனால் யாரும் கூட்டல் பிழையைத் தேட மாட்டார்கள். சந்தேகம் நேராக அண்ணன் மேல் போனது. இரண்டு புத்தகமும் ஒன்றாக இருப்பதே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. கணக்கு சுத்தமாக இருக்கிறது, பொருள்தான் இல்லை, அப்படியென்றால் எடுத்தது யார்? தன் கார்டு வேறு எண்ணைத்தான் காட்டியது என்று சொல்ல அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை. அவரே அழித்திருந்தார்.

இரண்டாம் நாள் அவர் ஒரு காலி ஸ்பூலைத் தராசில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முள் ஒன்றரை கிலோவில் நின்றது. நான் ரிட்டர்ன் நோட்டுக் கட்டைப் பிரித்து அந்தக் கம்பிக்கு வந்த நோட்டுகளை எண்ணினேன். பதினைந்து. பதினைந்து ஒன்றரை இருபத்திரண்டரை.

நடந்தது இதுதான். வைண்டிங் ஷாப்பில் திருப்பி அனுப்பும்போது ஸ்பூலோடு எடை போட்டு, அந்த எடையையே நோட்டில் எழுதியிருக்கிறார்கள். நான் அதை அப்படியே லெட்ஜரில் ஏற்றினேன், எனக்கு ஸ்பூல் தெரியாது. அண்ணன் ஸ்டோர்ஸில் மறுபடி எடை போட்டு, ஸ்பூலைக் கழித்துக் கார்டில் எழுதினார். ஒவ்வொரு ரிட்டர்னிலும் இடித்த ஒன்றரை கிலோ, காலி ஸ்பூலின் எடை. பதினைந்து தடவையும் கார்டுதான் சரி. அந்தச் சரியான கார்டை அழித்து, தப்பான லெட்ஜருக்கு ஒத்துப்போக வைத்திருக்கிறோம். ஷாப் பக்கமிருந்து முறையீடு வராததற்கும் காரணம் இருந்தது. ரிட்டர்ன் கூடுதலாக ஏறியதால் அவர்களுடைய கம்பிச் செலவு குறைவாகவே தெரிந்தது. குறைந்த செலவைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்?

இப்போது பல இடங்களில் கணினியில் ஒரே பதிவிலிருந்து கார்டும் லெட்ஜரும் இரண்டுமே வந்துவிடுகின்றன. எப்போதும் ஒத்துப்போகும் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும், எழுதியது ஒரு தடவைதானே. அப்படிப்பட்ட இடத்தில் ஒப்பிட மிச்சமிருப்பது அறையில் உள்ள பொருள் மட்டும்தான். அறையிலேயே கையால் எழுதும் அட்டையை விடாமல் வைத்திருக்கும் ஸ்டோர்ஸைப் பழைய பஞ்சாங்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் கார்டு பேனாவுக்கு மாறியது. தப்பாக எழுதினால் ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. இரண்டு இருப்பும் இடித்தால் எதையும் தொடுவதில்லை. ஒரு நோட்டில் தேதி, பொருள், வித்தியாசம், எண்ணிப் பார்த்த அளவு என்று எழுதி, காரணம் தெரிந்த பிறகு மேனேஜர் கையெழுத்திட்ட சரிக்கட்டு வவுச்சர் மூலமாக மட்டுமே எந்தப் புத்தகத்தையும் திருத்துவோம். ஸ்பூல்கள் எல்லாவற்றிலும் காலி எடையைப் பெயிண்டில் எழுதி வைத்தோம்.

சனிக்கிழமை இன்டர்காம் மட்டும் நிற்கவில்லை. வழக்கம்போல மணி அடிக்கும். ஆனால் அண்ணன் என்னிடம் எண் கேட்பதில்லை. “தம்பி, எழுதிக்கோங்க” என்று தன் கார்டு இருப்பை முதலில் சொல்லி முடிப்பார். அதுவரை நான் லெட்ஜரை மூடியே வைத்திருப்பேன்.