மேலாளர் பதவி: சாருக்கு எழுதிய கடிதம்

2025 மார்ச் 4, செவ்வாய்

மெஷின் ஷாப்புக்கு மேலாளராகச் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. பதினான்கு வருடம் பிராசஸ் இன்ஜினியராகவே இருந்துவிட்டேன். ஓய்வு பெற்று திருச்சியில் இருக்கும் என் முதல் மேலாளருக்கு எழுத உட்கார்ந்தேன். ‘எனக்கு இது சரிப்படுமா சார்?’ என்றே இரண்டு பக்கம் போனது. கிழித்துவிட்டேன். நடந்த ஒன்றைச் சொன்னால்தான் அவராலும் ஏதாவது சொல்ல முடியும்.

மார்ச் 5, புதன்

அனுப்பிய கடிதத்திலிருந்து:

“போன மாதம் 24, திங்கள் காலை. 40 மி.மீ. துளை, 25 மைக்ரான் வரை கூடலாம். சிஎன்சி லேத்தில் பீஸுக்குப் பீஸ் துளை பெரிதாகிக்கொண்டே போனது. ஜூனியர் பையன் இன்சர்ட் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அதை மாற்றினான், ஒவ்வொரு பீஸுக்கும் டூல் நிற்கும் அளவை, அதாவது ஆஃப்செட்டைத் திருத்தினான். ஒன்பது பீஸ் ரிஜெக்ட். நான் போய்ப் பார்த்தேன். இன்சர்ட்டின் வெட்டும் முனை தேய்ந்தால் துளை சிறிதாகத்தான் வேண்டும். ஞாயிறு முழுக்க நின்ற மெஷின் அது; எங்கள் மெஷினில் ஸ்பிண்டில் சூடேறும்போது மையம் டூலை விட்டு விலகுகிறது, துளை பெரிதாகிறது. அரை மணி வெறுமனே ஓடவிட்டு ஆஃப்செட்டை மறுபடி வைத்தேன், அளவு நின்றுவிட்டது. அவசரத்தில் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த திங்கள் நான் விடுப்பு. அதே மெஷின், பன்னிரண்டு பீஸ் போனது.

நானே போய்ச் சரிசெய்தால் அவர்கள் கற்கமாட்டார்கள். விலகி நின்றால் பீஸ் போகிறது. எதுவரை விலகி நிற்பது சார்?”

மார்ச் 11, செவ்வாய்

சார் போனில் கூப்பிட்டார். “தம்பி, தவறு கேட்டைத் தாண்டி கஸ்டமரிடம் போகும் என்றால் யோசிக்காதே, லைனை நிறுத்து. உள்ளேயே நின்றுவிடும் தவறு என்றால் அவர்களே கண்டுபிடிக்கட்டும். எத்தனை பீஸ் போகும்வரை பொறுத்துக்கொள்வாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பிறகு அந்த எண்ணை மாற்றாதே.”

அப்புறம், நான் கேட்காத ஒன்றையும் சொன்னார். “ஓவர்டைமுக்கு யார் கையெழுத்து போடுவார்கள்? அதைத் தெரிந்துகொண்டு சம்மதம் சொல்.” ஷிப்டில் ஆள் குறைந்தால் பேச்சு வாங்கப்போவது நான், ஆளைக் கூடுதல் நேரம் வேலைக்கு வைக்கும் உரிமை வேறொருவரிடம் என்றால் அது வேலைக்கு ஆகாது என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை.

மார்ச் 17, திங்கள்

காலையிலேயே லேத் பக்கம் போனேன். ஐந்து பீஸ் வரை உன் பொறுப்பு என்று பையனிடம் சொன்னேன். “இன்சர்ட் தேய்ந்தால் துளை எந்தப் பக்கம் போகும்?” என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் நின்றான். பிறகு மெஷினை ஓடவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு பீஸ் போட்டு, ஆஃப்செட்டைத் தொடாமல் அளந்து எழுதினான். இரண்டு முறை என் கை பேனலுக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். நாற்பது நிமிடத்தில் அளவு நின்றது. தேய்மானம் என்றால் இப்படி ஓரிடத்தில் நிற்காது என்று அவனே சொன்னான். நான்கு பீஸ் போனது. வார்ம்-அப் நேரத்தை மெஷின் ஷீட்டில் அவன் கையாலேயே எழுதினான்.

ஓவர்டைம் ஒப்புதல் பிளாண்ட் ஹெட்டிடம்தான் இருக்கிறதாம். அதை ஷாப் மேலாளருக்கு மாற்றி எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னார்கள்.