கடைசி ஏழு நாளில் பேரியல் பொருளாதாரம்: எங்கிருந்து தொடங்கினேன்

இன்டர்னல் தேர்வுக்கு முதல் யூனிட்டிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். தேசிய வருமானக் கணக்கீட்டிலேயே மூன்று நாள் போய்விட்டது, பொருள் சந்தையையும் பணச் சந்தையையும் சேர்த்துப் பார்க்கும் ஐஎஸ்-எல்எம் பக்கம் வரும்போது மறுநாள் பரீட்சை. அதனால் செமஸ்டருக்கு அந்த வரிசையையே தூக்கிப் போட்டேன்.

பரீட்சை அடுத்த திங்கள். இந்தத் திங்கள் காலையில் திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், பழைய வினாத்தாள்களைப் பரப்பி வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கணக்கு, வரைபடம், எழுத்து என்று குறித்தேன். பாடவாரியாகப் பார்த்தபோது தெரியாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு மார்க் போவது கணக்கில், அதுவும் இரண்டு சமன்பாடு சேர்ந்து வரும் கணக்கில். எழுத்துக் கேள்வி எப்படியும் ஓடிவிடும், மனப்பாடம் செய்ததும் நாலு நாளில் மறந்துவிடும் என்பதால் அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளினேன்.

கடினமானதை முதலில் படிக்கலாம் என்றாலும் நேராக ஐஎஸ்-எல்எம்முக்குப் போக முடியாது, அதற்குள்ளேதான் பெருக்கி இருக்கிறது. அதனால் திங்கள் மதியம் பெருக்கி மட்டும், அதாவது செலவோ வரியோ மாறினால் வருமானம் எத்தனை மடங்கு மாறும் என்பது. கூடுதல் வருமானத்தில் செலவாகும் பங்கு, அதாவது இறுதிநிலை நுகர்வு நாட்டம், 0.8 என்றால் செலவுப் பெருக்கி 5, வரிப் பெருக்கி −4. ஏன் 5 இல்லை என்றால், வரிக்குறைப்பில் கிடைக்கும் 100 ரூபாயில் 20 சேமிப்புக்குப் போய், முதல் சுற்றில் 80தான் செலவாகிறது. இது புரிந்தால் போதும்.

செவ்வாய், புதன் முழுக்க ஐஎஸ்-எல்எம். நான் திரும்பத் திரும்பப் போட்ட கணக்கு இது. Y வருமானம், C நுகர்வு, T வரி, I முதலீடு, r வட்டி, G அரசுச் செலவு, M/P உண்மைப் பண அளிப்பு, L பணத் தேவை:

```
C = 100 + 0.8(Y − T),  T = 100
I = 200 − 20r,  G = 150
M/P = 525,  L = 0.5Y − 50r
```

பொருள் சந்தையில் Y = C + I + G என்று போட்டால் 0.2Y = 370 − 20r, அதாவது Y = 1850 − 100r, இது ஐஎஸ் கோடு. பணச் சந்தையில் 525 = 0.5Y − 50r, அதாவது Y = 1050 + 100r, இது எல்எம் கோடு. இரண்டையும் சமன் செய்தால் r = 4, Y = 1450.

அடுத்து G 40 கூடுகிறது. முதல் தடவை நான் 5 × 40 = 200 என்று போட்டு, Y = 1650 என்று கம்பீரமாக எழுதிவைத்தேன். தப்பு. ஐஎஸ் கோடு 200 நகர்ந்து Y = 2050 − 100r ஆவது சரிதான், ஆனால் எல்எம் அங்கேயே நிற்கிறது. தீர்த்தால் r = 5, Y = 1550. வருமானம் கூடினது 100தான். மீதி 100 எங்கே? வட்டி ஒரு புள்ளி ஏறியதில் முதலீடு 20 குறைந்தது, அந்த 20 ஐந்து மடங்காகி 100ஐத் தின்றுவிட்டது. அரசுச் செலவு தனியார் முதலீட்டை வெளியே தள்ளுவது என்று பத்து மார்க்குக்கு எழுதுவோமே, அது இந்த மூன்று வரிக் கணக்குதான்.

என் அறைத்தோழியின் அக்கா எம்ஏ முடித்தவர், போனில் ஒன்று சொன்னார்: "கணக்க முடிச்சதும் C, I, G மூணையும் கூட்டிப் பாரும்மா, Y வரலைன்னா எங்கயோ கோட்டை விட்டிருக்க." இதில் 1260 + 100 + 190 = 1550. வராத நாளெல்லாம் பெரும்பாலும் r-ஐ 5க்குப் பதில் 0.05 என்று போட்டிருப்பேன், இல்லையென்றால் T-ஐ 0.8ஆல் பெருக்காமல் விட்டிருப்பேன்.

வியாழன், வெள்ளி வரைபடங்கள். மொத்தத் தேவை, மொத்த அளிப்பு, அப்புறம் பிலிப்ஸ் கோடு. பக்கம் பக்கமாகப் படிக்காமல் ஒரு நிகழ்வைச் சொல்லி எந்தக் கோடு, எந்தப் பக்கம் என்று மட்டும் போட்டுப் பழகினேன். கச்சா எண்ணெய் விலை ஏறினால் குறுகிய கால அளிப்பு இடப்பக்கம் போகும், விலை ஏறும், உற்பத்தி குறையும். நான் தேவைக் கோட்டையும் சேர்த்து நகர்த்திவிடுவேன், ஒரு நிகழ்வுக்கு முதலில் ஒரு கோடு என்று கட்டுப்படுத்திக்கொள்ள ஒரு நாள் ஆனது.

சனிக்கிழமை வரையறைகளும் தேசிய வருமானமும். ஞாயிறு மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து ஒரு பழைய தாள், நடுவில் கரண்ட் போய் மொட்டைமாடியில் உட்கார்ந்து முடித்தேன்.

பரீட்சையில் G மாறவில்லை, பண அளிப்பு மாறியது. ஐஎஸ்ஸை அப்படியே விட்டு எல்எம்மை மட்டும் திரும்ப எழுதினேன், கூட்டிப் பார்த்தேன், வந்தது. நீண்ட கால வளர்ச்சியை விளக்கும் சோலோ மாதிரியில் ஒரு ஐந்து மார்க் கேள்வி இருந்தது. அதற்கு என் ஏழு நாளில் இடமே ஒதுக்கவில்லை, விட்டுவிட்டு வந்தேன்.