ட்வின்-டி வடிகட்டி: பள்ளம் எங்கே விழும், எவ்வளவு ஆழம் போகும்

இ.சி.ஜி. பெருக்கியின் வெளியீட்டை ஸ்கோப்பில் பார்க்கும்போது துடிப்புகளுக்கு இடையிலான கோடு தடித்த பட்டையாகத் தெரிந்தால், நேர அளவை விரித்து அந்தப் பட்டைக்குள் ஒரு அலை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். 20 மில்லி செகண்டு என்றால் அது மெயின்ஸிலிருந்து ஏறும் 50 ஹெர்ட்ஸ். 10 மில்லி செகண்டு என்றால் 100 ஹெர்ட்ஸ். அது பெரும்பாலும் பவர் சப்ளையின் ரெக்டிஃபையரிலிருந்து வரும் சிற்றலையாக இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது சப்ளையின் கெபாசிட்டரை. அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் இரைச்சல் முன்நிலைப் பெருக்கியையே நிரப்பிவிட்டது என்று பொருள். அதற்குப் பின்னால் எந்த வடிகட்டியை வைத்தாலும் வெட்டுப்பட்ட சிக்னல் திரும்பி வராது.

அந்த 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டி, அந்த இடத்தில் பள்ளம் விழவைக்கும் வடிகட்டிதான் ட்வின்-டி. அது ஒரே உள்ளீட்டிலிருந்து ஒரே வெளியீட்டுக்குப் போகும் இரண்டு பாதைகள். ஒன்றில் வரிசையாக இரண்டு ரெசிஸ்டர்கள், அவற்றின் நடுவிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டர். மற்றதில் வரிசையாக இரண்டு கெபாசிட்டர்கள், நடுவிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர். குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் முதல் பாதை தரும் மின்னோட்டம் உள்ளீட்டுக்கு 45 பாகை பின்தங்குகிறது. இரண்டாவது 135 பாகை முந்துகிறது. இரண்டுக்கும் இடையே சரியாக 180 பாகை. அளவும் சமமாக இருப்பதால் ஒன்று தருவதை மற்றது எடுத்துக்கொள்கிறது; வெளியீட்டில் எதுவும் மிஞ்சுவதில்லை. இது ஒரு தராசு. 50 ஹெர்ட்ஸ் எங்கேயும் 'உறிஞ்சப்படுவதில்லை'. தராசின் இரு தட்டுகளும் சமமாக இல்லாவிட்டால் பள்ளம் அடிவரை போகாது.

வரிசை ரெசிஸ்டர் R, வரிசை கெபாசிட்டர் C, கிரவுண்டுக்குப் போகும் கால்கள் R/2, 2C என்று இருந்தால் பள்ளத்தின் இடம்:

```
f = 1 / (2πRC)
```

68 கிலோ ஓம், 47 நானோ ஃபாரட் வைத்தால் 49.8 ஹெர்ட்ஸ் வருகிறது. இந்த இணையின் வசதி, எல்லாமே ஒரே மதிப்பில் முடிந்துவிடும். 34 கிலோ ஓமுக்கு இரண்டு 68 கிலோ ஓமை இணையாகப் போடலாம். 94 நானோவுக்கு இரண்டு 47 நானோ. ஆக நான்கு ரெசிஸ்டர், நான்கு கெபாசிட்டர். ரெசிஸ்டர்கள் 1 சதவீத மெட்டல் ஃபிலிம், கெபாசிட்டர்கள் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன். சாதாரண செராமிக் டிஸ்க் வேண்டாம். அதன் மதிப்பு வெப்பத்தோடு நகர்வதால் காலையில் பிடித்த பள்ளம் மதியம் வேறிடத்தில் இருக்கும்.

மேலே உள்ள சூத்திரம் விகிதங்கள் எல்லாம் சரியாக இருக்கும்போது மட்டுமே உண்மை. கடையில் வாங்கிய 47 நானோ அப்படியே 47 நானோவாக இருக்காது. கிரவுண்டுக் கால்களை R3, C3 என்று தனியாக எழுதினால், உண்மையில் இரண்டு நிபந்தனைகள் இருப்பது தெரியும்:

```
R3 = R·C3 / (4C)
f  = √2 / (2πR·√(C·C3))
```

முதல் வரி ஆழத்துக்கு, இரண்டாவது இடத்துக்கு. மீட்டரில் அளந்தபோது வரிசை கெபாசிட்டர்கள் 46.5 நானோவும் கிரவுண்டுக் கால் 96 நானோவும் காட்டின என்று கொள்வோம். R3 இப்போது 34 அல்ல, 35.1 கிலோ ஓம் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் பள்ளம் அடிவரை போகும், ஆனால் 49.54 ஹெர்ட்ஸில். அதை 50-க்கு உயர்த்த R-ஐ ஒரு சதவீதம் குறைக்க வேண்டும். ஒவ்வொரு 68 கிலோ ஓமின் மேலும் ஒரு 6.8 மெகா ஓமை இணையாக வைத்தால் 67.33 கிலோ ஓம் ஆகிறது, பள்ளம் 50.04-க்கு வருகிறது. R மாறியதால் R3-யும் 34.75-க்கு இறங்க வேண்டும். அதனால்தான் R3-யை இரண்டு 68 கிலோ ஓமாக நிரந்தரமாகப் பற்றவைக்காமல், 30 கிலோ ஓமோடு ஒரு 10 கிலோ ஓம் பலசுற்று ட்ரிம்மரை வரிசையில் வைப்பது நல்லது.

இத்தனை செய்தும் இந்தப் பள்ளம் இ.சி.ஜி.க்கு ஆகாது, ஏனென்றால் அது மிக அகலம். 3 டெசிபல் எல்லைகள் 11.8 ஹெர்ட்ஸிலிருந்து 212 ஹெர்ட்ஸ் வரை விரிகின்றன. துடிப்பின் கூர்முனைக்கு வடிவம் தரும் 20 ஹெர்ட்ஸ் பகுதி 46 சதவீதமாகச் சுருங்கிவிடும். இரைச்சலோடு சிக்னலும் போகிறது.

இதற்கு மாற்று, கிரவுண்டுக்குப் போன இரு கால்களையும் கிரவுண்டிலிருந்து பிரித்து, வெளியீட்டின் ஒரு பங்கை அவற்றுக்குத் திருப்பிக் கொடுப்பது. டி.எல்.072 என்ற இரட்டை ஆப்-ஆம்ப்பின் ஒரு பாதி வெளியீட்டுக்குத் தாங்கியாக, அதாவது பஃபராக, நிற்கும். அதன் பின்னால் 1 கிலோ ஓம், 9.1 கிலோ ஓம் பிரிப்பான். அதில் வரும் 0.9 பங்கை மறுபாதி வாங்கிக் கால்களுக்குத் தரும். இப்போது எல்லைகள் 41, 61 ஹெர்ட்ஸ். 20 ஹெர்ட்ஸ் 98 சதவீதம் அப்படியே கடந்து போகிறது. உள்ளீட்டில் தொடர் கெபாசிட்டர் போட்டவர்கள் இங்கே தடுமாறுவார்கள். தாங்கியின் உள்ளீட்டுக்கு நேர்மின்னோட்டப் பாதை அந்த இரண்டு 68 கிலோ ஓம் வழியாகத்தான். அதை வெட்டினால் வெளியீடு மெல்ல நகர்ந்து சப்ளையில் ஒட்டிக்கொள்ளும்.

திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு. பங்கு 0.9 என்றால் தராசின் பிழையும் பத்து மடங்காகத் தெரியும். R3 5 சதவீதம் பிசகினால், எதையும் திருப்பிக் கொடுக்காத வடிகட்டியில் பள்ளத்தின் அடியில் 0.6 சதவீதமே மிஞ்சும். இதில் 6 சதவீதம். பங்கை 0.975 ஆக்கிப் பள்ளத்தை இன்னும் ஒல்லியாக்கலாமே என்று தோன்றும். இந்திய மின்தொகுப்பில் அனுமதிக்கப்பட்ட எல்லை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். பள்ளம் சரியாக 50-இல் இருக்க மெயின்ஸ் 49.90-இல் ஓடினால், 0.9 பங்கில் மிஞ்சுவது 1 சதவீதம், 0.975-இல் 4. ஒல்லியான பள்ளம் கூர்முனைக்குப் பிறகு நெடுநேரம் அதிரவும் செய்யும். 0.9-இல் அந்த அதிர்வு 16 மில்லி செகண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு அடங்குகிறது. 0.975-இல் 64 மில்லி செகண்டு ஆகிறது. கூர்முனைக்கு அடுத்து வரும், மருத்துவர் படிக்கும் எஸ்.டி. பகுதியில் இல்லாத அலைகள் தெரியும். அவை நோயாளியுடையவை அல்ல, வடிகட்டியுடையவை. இந்த வேலைக்கு 0.9-ஐத் தாண்டாமல் இருப்பதே என் தேர்வு.

ட்ரிம் செய்ய மெயின்ஸ் இரைச்சலையே பயன்படுத்த வேண்டாம். அது நகர்ந்துகொண்டே இருக்கும். எலெக்ட்ரோடுகள் யார் உடம்பிலும் இருக்கக் கூடாது. சிக்னல் ஜெனரேட்டரில் 1 வோல்ட் கொடுத்து அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தி, வெளியீடு எங்கே மிகக் குறைகிறது என்று பாருங்கள். முதலில் வரிசை ரெசிஸ்டர்களால் அந்த இடத்தை 50-க்குக் கொண்டு வாருங்கள், பிறகு ட்ரிம்மரைத் திருப்பி ஆழப்படுத்துங்கள், பிறகு இடத்தை மறுபடி சரிபாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் அமைந்துவிடும். ஸ்கோப்பில் மிஞ்சும் அலை 50 ஹெர்ட்ஸாக இல்லாமல் 100 அல்லது 150 ஹெர்ட்ஸாகத் தெரியும்போது நிறுத்தலாம். அது ஜெனரேட்டரின் சைன் அலையில் ஏற்கெனவே கலந்திருந்த பிசிறு. ட்ரிம்மரால் அதைக் குறைக்க முடியாது.