படிக்க முடியாத அவுட்லைன்: எழுதுவதா, விடுவதா?

எஸ்.எஸ்.சி. ஸ்டெனோகிராஃபர் கிரேடு டி ஸ்கில் டெஸ்ட்டுக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் பயிற்சி எடுத்தேன். நிமிடத்துக்கு 80 சொல் வேகத்தில் 10 நிமிடம் ஆங்கில டிக்டேஷனைச் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும், அதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க 50 நிமிடம். 800 சொல் அடிக்க 50 நிமிடம் தாராளம். நேரம் போவதெல்லாம், அவுட்லைனை, அதாவது ஒரு சொல்லுக்கு நாமே எழுதிய சுருக்கெழுத்து வடிவத்தை, நம்மால் படிக்க முடியாமல் நிற்கிற இடங்களில்தான். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒரு மாதிரித் தேர்வில் நடந்ததை அப்படியே சொன்னால் விளங்கும். மீனவர் நலத் திட்டம் பற்றிய பகுதி. நான்காவது நிமிடத்தில் நான் பின்தங்கிவிட்டேன். கை வேர்த்து, பேனா வழுக்கி, ஒரு வாக்கியம் இப்படி விழுந்திருந்தது: முதலில் ஒரு ஸ்ட்ரோக், அதோடு ஒட்டிய ‘எம்’, அதில் ‘என்’ ஹூக், அதாவது ‘ன்’ ஒலிக்கான வளைவு, கூடவே ஹாஃபிங், அதாவது ‘ட்’ ஒலிக்காகக் கோட்டைப் பாதி நீளமாக்குவது. பிறகு ‘குட் நாட் பி’ என்பது தெளிவாக இருந்தது. அதை அடுத்து ஹாஃபிங் செய்த இன்னொரு ‘எம்’, நோட்டின் வரிக்கோட்டைத் தொட்டபடி.

பிட்மன் முறையில் ‘பேமென்ட்’, ‘டிமாண்ட்’ இரண்டுக்கும் பின்பாதி ஒன்றுதான். முதல் ஸ்ட்ரோக்தான் வேறு: ‘பி’ என்றால் வலப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும் மெல்லிய கோடு, ‘டி’ என்றால் நேரே இறங்கும் தடித்த கோடு. என் நோட்டில் இருந்த கோடு சாய்வும் இல்லை, நேரும் இல்லை. முழு அவுட்லைனும் வரிக்கோட்டிலிருந்து நழுவிக் கிடந்ததால் இடத்தை வைத்தும் சொல்ல முடியவில்லை. கடைசிச் சொல்லும் அப்படித்தான். எம்மைப் பாதியாக்கி மெல்லியதாக எழுதினால் ‘மெட்’, தடிப்பாக எழுதினால் ‘மேட்’, அதாவது செய்யப்பட்டது என்று பொருள்படும் சொல். இரண்டும் ஒரே இடத்தில் நிற்பவை. தடிப்பு ஒன்றுதான் வித்தியாசம். அது பேனா வழுக்கியதில் போய்விட்டது.

நான் என்ன செய்தேன் என்றால், ‘தி டிமாண்ட் குட் நாட் பி மெட்’ என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். படிக்க அழகாக இருந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. பயிற்சி தந்த சார் வாசித்தது, ‘தி பேமென்ட் குட் நாட் பி மேட்’. பணம் கொடுக்க முடியவில்லை என்பதைக் கோரிக்கை நிறைவேறவில்லை என்று மாற்றி வைத்திருக்கிறேன். ஐந்து வரி தள்ளி, தொகை மார்ச் மாதம்தான் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது என்று அதே நோட்டில் நானே தெளிவாக எழுதியிருந்தேன். அதைப் பார்த்திருந்தால் முதல் சொல் ‘பேமென்ட்’ என்று தெரிந்திருக்கும். முதல் சொல் தெரிந்தால் கடைசிச் சொல்லும் தானாக ‘மேட்’ ஆகிவிடும்.

சார் என் தாளில் சிவப்பு மையால் அந்த இரண்டு சொல்லையும் வட்டமிட்டுவிட்டு, “ஏலே, வாக்கியம் நல்லா இருக்குன்னு எழுதுதியே, நோட்டுல அது இருக்கான்னு பாத்தியா? நான் சொல்லுதேன் கேளு. ரெண்டு சொல்லும் சந்தேகமா இருந்தா ரெண்டையும் சேத்து முடிவு பண்ணாத. ஒண்ணுக்கு வேற எடத்துல சாட்சி தேடு” என்றார்.

அன்றிலிருந்து நான் செய்தது இதுதான். தெரியாத இடம் வந்தால் 20 வினாடிக்கு மேல் நிற்பதில்லை. மூன்று நட்சத்திரக் குறி அடித்துவிட்டு மேலே போய்விடுவேன். முழுப் பகுதியும் முடிந்த பிறகு திரும்பி வருவேன். அப்போது பேச்சு எங்கே போகிறது என்பது தெரிந்திருக்கும், பாதிச் சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும். அடுத்ததாக, அதே பக்கத்தில் நான் எழுதிய தெளிவான ‘டி’ எப்படி இருக்கிறது, ‘பி’ எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அவசரத்தில் ஒவ்வொருவர் கையும் ஒரு பக்கம் சாயும். என் ‘டி’ எப்போதும் கொஞ்சம் இடப்பக்கமாக இறங்கும், வலப்பக்கமாக இறங்கவே இறங்காது. இது தெரிந்த பிறகு, வலப்பக்கமாக லேசாகச் சாய்ந்து இறங்கிய எந்தக் கோட்டையும் நான் ‘டி’ என்று எடுத்ததில்லை. உங்கள் பழைய நோட்டை எடுத்து உங்கள் கை எந்தப் பக்கம் கெடுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லித் தர முடியாது.

இவ்வளவுக்கும் பிறகும் தெரியவில்லை என்றால்? ஒரு சொல் மட்டும் என்றால் எழுதிவிடுங்கள். விட்ட சொல்லும் முழுப் பிழை, மாற்றி எழுதிய சொல்லும் முழுப் பிழை. அதனால் எழுதுவதில் இழப்பு இல்லை, சரியாக இருந்தால் லாபம். ஆனால் அந்த சொல்லில் உங்கள் அவுட்லைனில் உள்ள மெய்யொலிகள் இருக்க வேண்டும். நோட்டில் ‘எம்’ ஒலியும் ‘என்’ ஒலியும் கண்ணுக்குத் தெரிகிறபோது, பொருள் பொருந்துகிறது என்பதற்காக அவை இல்லாத ஒரு சொல்லைப் போடக் கூடாது.

ஒரு வரியே போய்விட்டது என்றால் கணக்கு மாறுகிறது. இன்னொரு மாதிரித் தேர்வில் 6 சொல் உள்ள ஒரு துண்டு எனக்கு முழுக்கப் போய்விட்டது. நான் என் சொந்தச் சரக்காக 11 சொல்லில் ஒரு வாக்கியம் அமைத்தேன். 6 சொல்லும் தப்பு, கூடுதலாக நுழைத்த 5 சொல்லுக்கும் தனித்தனிப் பிழை, ஆக 11. வெறுமனே விட்டிருந்தால் 6 தான். அப்புறம் அந்த மாதிரி இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றிரண்டு சொல்லை மட்டும் வரிசை மாறாமல் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பிழை எண்ணும் முறையை நீங்கள் எழுதப்போகிற தேர்வின் அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

‘நாட்’ வருகிற ஃப்ரேஸை, அதாவது சில சொல்லைச் சேர்த்து ஒரே அவுட்லைனாக எழுதுவதை, மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ‘தே ஆர்’ என்று எழுதும் கோட்டைப் பாதியாக்கி ‘என்’ ஹூக் சேர்த்தால் ‘தே ஆர் நாட்’. ஹூக் கொஞ்சம் மங்கினால் வாக்கியம் தலைகீழாகிவிடும். எப்படிப் படித்தாலும் இலக்கணம் சரியாகவே இருக்கும், காது எச்சரிக்காது. இங்கே நான் ஹூக்கைத் தேடுவதில்லை, நீளத்தைப் பார்ப்பேன். ஹூக் மங்கலாம், ஆனால் பாதிக் கோடு முழுக்கோடு ஆகாது. பக்கத்தில் உள்ள முழு நீளக் கோடு ஒன்றோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இப்போது திருநெல்வேலியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தேர்வுக்குச் சொன்னபடி இங்கே ஊகித்து எழுதுவதில்லை. போன மாதம் ஒரு கூட்டக் குறிப்பில் இதே ‘தே ஆர் நாட்’ சந்தேகம் வந்தது. நீளமும் இரண்டுங்கெட்டானாக இருந்தது. இடம் விட்டு, பென்சிலால் வட்டமிட்டு, “மேடம், இந்த ஒரு இடம் மட்டும் கேட்கணும்” என்று போய் நின்றேன். கேட்க ஆள் இருக்கும்போது ஊகித்து எழுதினால், நாளைக்கு அந்தத் தாளை நம்பி ஒருவர் முடிவெடுப்பார். தேர்வு அறையில் கேட்க ஆள் இல்லை, அதனால்தான் அங்கே ஊகத்துக்கு இடம்.

கடைசி மூன்று நிமிடத்தை நட்சத்திரக் குறிகளுக்கு ஒதுக்குங்கள். சொல் கிடைத்த இடத்தில் சொல், கிடைக்காத இடத்தில் குறியை அழித்து ஒரு வெற்றிடம். குறி ஒன்று தாளில் தங்கிவிட்டால் அதுவும் நீங்கள் அடித்த எழுத்தாகவே கணக்கில் வரும்.