முழு நைட்டும் எக்செலும்

பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் இருக்கிறேன். எங்களுக்கு மூன்று ஷிப்டு. பகல், அரை நைட்டு, முழு நைட்டு. முழு நைட்டு இரவு 10 மணிக்கு ஏறி காலை 6:30-க்கு இறங்கும். நடுவில் அரை மணி இடைவேளை, ஆக வேலை நேரம் எட்டு மணி. கேட் பதிவேட்டைப் பார்த்து நேரத்தைக் கையால் கூட்டிக்கொண்டிருந்த இடத்தில், எனக்கு முன்னால் இருந்தவர் பகல் ஷிப்டுக்காக ஓர் எக்செல் ஷீட் செய்து வைத்திருந்தார். B பத்தியில் உள்ளே வந்த நேரம், C-யில் வெளியே போன நேரம், D-யில் இடைவேளை, E-யில் `=C2-B2-D2`. பகலுக்கு அது ஒழுங்காக ஓடியது. முழு நைட்டு ஆட்களை அதில் ஏற்றியதும் E பத்தி முழுக்க `######` என்று நின்றது.

பத்தியை அகலப்படுத்திப் பார்த்தாலும் அது போகாது. எக்செலுக்கு ஒரு முழு நாள் என்பது 1. காலை 6 மணி 0.25, மதியம் 12 மணி 0.5. இரவு 10 மணி 0.91667, காலை 6:30 என்பது 0.27083. பின்னதில் முன்னதைக் கழித்தால் −0.64583. நேரம் மைனஸில் வந்தால் எக்செலுக்குக் காட்டத் தெரியாது, அதனால்தான் அந்த வேலிக்கம்பிகள். தேதி எழுதாமல் வெறும் நேரத்தை மட்டும் எழுதுவதால், 6:30 மறுநாளுடையது என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

ஒரு நாளைக் கூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். −0.64583 + 1 = 0.35417. அதை 24-ஆல் பெருக்கினால் எட்டரை. பகல் ஆளுக்குக் கூட்டக் கூடாது, நைட்டு ஆளுக்கு மட்டும் கூட்ட வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் பார்த்துக்கொள்வது MOD:

```
=MOD(C2-B2,1)-D2
```

1-ஆல் வகுத்து மீதியை எடு என்பதுதான் இது. விடை பிளஸ் என்றால் அப்படியே விடும், மைனஸ் என்றால் ஒன்றைச் சேர்க்கும். மூன்று ஷிப்டுக்கும் ஒரே ஃபார்முலா. மதியம் 2 மணிக்கு வந்து அரை நைட்டோடு முழு நைட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு 6:30-க்குப் போகிறவருக்கும் MOD 16:30 என்று சரியாகத் தரும். D-யில் மட்டும் இரண்டு இடைவேளைக்காக 1:00 போட வேண்டும், E-யில் 15:30 நிற்கும்.

வாரக் கூட்டல் அடுத்த வேடிக்கை. ரிங் ஃபிரேமில் சைடராக இருக்கும் ஓர் அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க சார், ஆறு நைட்டும் வந்துட்டனுங்க, எம்பேருக்கு நேரா சைபர்னு இருக்குதுங்களே?" என்றார். `=SUM(E2:E7)` போட்ட கட்டத்தில் 0:00 என்றுதான் இருந்தது. ஆறு எட்டு நாற்பத்தெட்டு, அதாவது சரியாக இரண்டு நாள். h:mm என்ற வடிவம் கடிகாரம் மாதிரி 24-ஐத் தாண்டியதும் மறுபடி சைபரிலிருந்து தொடங்கும். உள்ளே இருக்கும் மதிப்பு 2 தான், காட்டுவதில்தான் கோளாறு. Format Cells போய் Custom-இல் `[h]:mm` என்று சதுர அடைப்போடு கொடுத்ததும் 48:00 வந்தது. அக்காவுக்கும் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அந்த உள் மதிப்பு 2 என்பதைக் கூலிக் கணக்கில் மறக்கக் கூடாது. மணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 48:00 இருக்கும் கட்டத்தை 60-ஆல் பெருக்கினால் 120 தான் வரும். `=E8*24*60` என்று எழுதி, கட்டத்தின் வடிவத்தை Number ஆக மாற்றினால் 2880.

இணையத்தில் தேடினால் பெரும்பாலும் இத்தோடு முடித்துவிடுவார்கள். என் அனுபவத்தில் இதற்கப்புறம்தான் கவனம் வேண்டும். `######` அசிங்கமாக இருந்தாலும் ஏதோ சரியில்லை என்று கத்தியது. MOD கத்தவே கத்தாது. எதைக் கொடுத்தாலும் சைபருக்கும் 24-க்கும் நடுவில் ஒரு நேரத்தைக் கையில் கொடுத்துவிடும்.

வெளியே போகும்போது பஞ்ச் பண்ண மறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். C காலி, எக்செல் அதைச் சைபர், அதாவது நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்கிறது. 10 மணியிலிருந்து 12 வரை இரண்டு மணி, இடைவேளை போக 1:30. இதுவாவது கண்ணில் படும். உள்ளே வந்த பஞ்ச் இல்லையென்றால் நள்ளிரவிலிருந்து 6:30 வரை எண்ணி, 6:00 என்று நம்பும்படியாகக் காட்டும். இரண்டு மணி நேரக் கூலி சத்தமில்லாமல் போய்விடும்.

இன்னொன்று நம் ஊர்ப் பழக்கம். நேரத்தைப் புள்ளி வைத்துத்தான் எழுதுவோம், 22.00, 6.30 என்று. கேட்டில் எழுதியதை அப்படியே தட்டினால் எக்செலுக்கு அது நேரமில்லை, வெறும் எண். 6.30 − 22.00 = −15.70, MOD போட்டால் 0.30. அதை மணியாக்கினால் 7:12, இடைவேளை போக 6:42. ஆள் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பிவிட்டார் போல என்று யாரும் நினைத்துக்கொள்வார்கள். Replace போட்டுப் புள்ளியை முக்காற்புள்ளியாக மாற்றலாமே என்றால், 6.30-ஐ எக்செல் 6.3 என்றுதான் வைத்திருக்கும். அது 6:3 ஆகி, 6 மணி 3 நிமிடமாகிவிடும். பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டு மாற்றுவதே பத்திரம்:

```
=TIME(INT(B2),ROUND(MOD(B2,1)*100,0),0)
```

இந்த இரண்டையும் பிடிக்க E பத்தியின் ஃபார்முலாவை இப்படி ஆக்கினேன்:

```
=IF(OR(COUNT(B2:C2)<2,MAX(B2:C2)>=1),"பார்",MOD(C2-B2,1)-D2)
```

சரியான நேரம் எதுவும் 1-ஐத் தொடாது. அதனால் 22.00 போன்றவை மாட்டிக்கொள்ளும். பஞ்ச் மெஷினிலிருந்து எழுத்தாக வந்து விழும் நேரங்களை COUNT எண்ணாது, அவையும் "பார்" ஆகிவிடும். SUM எழுத்தைத் தாண்டிப் போய்விடும் என்பதால், வாரக் கூட்டலைத் தொடுமுன் "பார்" எதுவும் மீதமில்லை என்று பார்த்தாக வேண்டும். உள்ளே, வெளியே இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் இந்தச் சோதனைக்குச் சிக்காது. பகல் எட்டு மணி வேலை, இடைவேளை போகப் பதினைந்து மணியாக நிற்கும். அதற்காகப் பத்து மணிக்கு மேல் போனால் கட்டம் மஞ்சளாகும்படி Conditional Formatting வைத்திருக்கிறேன். இரட்டை ஷிப்டு பார்த்தவர்களும் மஞ்சளாவார்கள், மேஸ்திரியிடம் கேட்டு உறுதிசெய்துவிடலாம்.

கேட் வாட்ச்மேன்களுக்கு மட்டும் இந்த ஷீட் ஆகாது. மாற்று ஆள் வராமல் காலை 8-லிருந்து மறுநாள் காலை 8 வரை நிற்க நேர்ந்தால், MOD சொல்லும் விடை சைபர். அவர்களுக்குத் தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் எழுதுகிறோம். அப்போது வெறும் கழித்தலே போதும், MOD வேண்டாம்.

மாதக் கடைசியில் ஒரு கேள்வி வரும்: 31-ஆம் தேதி இரவு ஏறியவரின் ஆறரை மணி நேரம் ஒன்றாம் தேதிக்குப் போக வேண்டாமா? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தை முந்தைய நாளோடு சேர்த்தே எண்ணச் சொல்லியது. டைம் ஆபீஸ் பழக்கமும் அதுதான். ஆகவே A பத்தியில் ஷிப்டு ஏறிய தேதியை மட்டும் எழுதுகிறேன், முழு இரவும் 31-ஆம் தேதி வரிசையிலேயே நிற்கும்.